பாஸ்வேர்டு சரிதான், ரீடர்தான் பழசு: பிடிஎஃப் பூட்டில் 128-ஆ, 256-ஆ?

கேள்வி: பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்கள் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். 42 பேரின் ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் ஒரே பிடிஎஃப்பில் இருக்கிறது. 256 பிட்டில் பூட்டி அனுப்பினால் ராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்தில் ‘பாஸ்வேர்டு தவறு’ என்று வருகிறதாம். என் போனில் அதே பாஸ்வேர்டுக்குத் திறக்கிறது. 40 பிட்டில் போட்டால் அங்கேயும் திறக்கிறது. 40-லேயே விட்டுவிடலாமா? 128 போதுமா?

பதில்: 40, 128, 256 என்பவை பூட்டின் சாவி எத்தனை பிட் நீளம் என்று சொல்லும் எண்கள். 40 வேண்டவே வேண்டாம். அந்த அலுவலகத்தில் 256 திறக்க வழி இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இல்லையென்றால் ஏஇஎஸ் என்ற பூட்டு முறையின் 128-க்கு இறங்குங்கள். அதற்குக் கீழே போகாதீர்கள்.

முதலில் கோளாறு எங்கே என்று பார்த்துவிடுவோம். அந்த அலுவலகத்தில் இருப்பவரிடம் போன் செய்து, அதே கம்ப்யூட்டரில் குரோமையோ ஃபயர்ஃபாக்ஸையோ திறந்து, பிடிஎஃப்பை அந்த ஜன்னலுக்குள் இழுத்துப் போடச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்கும், அடித்தால் திறக்கிறதென்றால் உங்கள் பாஸ்வேர்டும் சரி, ஃபைலும் சரி. அவர்கள் வழக்கமாகத் திறக்கும் ரீடர்தான் பழசு. அடோபி ரீடர் என்றால் Help மெனுவில் About என்று இருக்கும். அதில் பதிப்பு எண் 9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பாஸ்வேர்டு சரியாக இருக்கும்போது ‘தவறு’ என்று ஏன் சொல்கிறது? பிடிஎஃப்புக்குள் உங்கள் பாஸ்வேர்டு அப்படியே எழுதி வைக்கப்படுவதில்லை. அதிலிருந்து கணக்கிட்ட ஒரு சரிபார்ப்பு மதிப்புதான் இருக்கும். நீங்கள் அடிப்பதை ரீடர் தன் பங்குக்குக் கணக்கிட்டு அதோடு ஒப்பிடும். புதுக் கணக்கு முறை தெரியாத ரீடர் பழைய முறையில் கணக்கிட்டால் விடை பொருந்தாது. உடனே பாஸ்வேர்டு தவறு என்று சாதித்துவிடும். சில ரீடர்கள் புதுப் பதிப்பு வேண்டும் என்று நேர்மையாகச் சொல்லும். சில ஃபைல் பழுது என்று சொல்லி உங்களை மறுபடி ஸ்கேன் செய்ய வைக்கும். மூன்றும் ஒரே நோய்.

256 என்ற ஒரே பெயரில் இரண்டு பூட்டுகள் இருப்பதுதான் இதில் பெரிய குழப்பம். அடோபி 2008-ல் அக்ரோபாட் 9-ஐ வெளியிட்டபோது முதல் 256 வந்தது. பூட்டின் சாவி நீளமானது. ஆனால் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் கணக்கு மிகவும் லேசாகிவிட்டது. முந்தைய 128-ல் ஒரு பாஸ்வேர்டைச் சோதிக்க 50 சுற்றுக்கு மேல் கணக்குப் போட வேண்டும். இதில் ஏறக்குறைய ஒரே சுற்று. அதாவது, ஊகித்து ஊகித்துப் பார்ப்பவனுக்குப் புதுப் பூட்டு பழையதைவிட வேகமாகத் திறந்துகொடுத்தது. அந்த ஓட்டையை அக்ரோபாட் 10-ல் (திரையில் X என்று இருக்கும்) அடைத்தார்கள். இப்போது 256 என்று கேட்டால் நல்ல கருவிகள் போடுவது இந்தத் திருத்திய வகையைத்தான். 2017-ல் வந்த பிடிஎஃப் 2.0 தரத்திலும் இருப்பது இதுதான். ரீடர் 9-க்கு முதல் வகை தெரியும், இரண்டாவது தெரியாது. உங்கள் ஃபைல் மாட்டியிருப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ‘ரீடர் 9-க்கு ஏற்ற 256’ என்று யாராவது வழி சொன்னால் கேட்காதீர்கள். அதற்கு 128 எவ்வளவோ மேல்.

இனி 40. 40 பிட் என்றால் மொத்தச் சாவிகளே சுமார் 1.1 லட்சம் கோடி. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டருக்கு அது முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாகச் சோதித்து முடிக்கக்கூடிய எண்ணிக்கை. அப்படிச் செய்பவனுக்கு உங்கள் பாஸ்வேர்டு தேவையே இல்லை. நேராகச் சாவியையே தேடுகிறான். நீங்கள் 20 எழுத்தில் பாஸ்வேர்டு வைத்தாலும் ஒன்றுதான், 4 எழுத்தில் வைத்தாலும் ஒன்றுதான். அது 1990-களின் பூட்டு.

128-ல் நிலைமை வேறு. சாவியை ஒவ்வொன்றாகத் தேடி முடிக்க யாராலும் ஆகாது. ஆகவே தாக்குபவனுக்கு ஒரே வழி பாஸ்வேர்டை ஊகிப்பது. 128-க்கும் திருத்திய 256-க்கும் நடைமுறையில் உள்ள வித்தியாசமும் இங்கேதான். 256-ல் ஒவ்வோர் ஊகத்துக்கும் அவன் செலவிட வேண்டிய உழைப்பு பல மடங்கு கூடுதல், அதனால் சுமாரான பாஸ்வேர்டும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். 128-ல் அந்தச் சலுகை குறைவு. நல்ல பாஸ்வேர்டு வைத்தால் இரண்டுமே உங்கள் 42 பேரின் காகிதங்களுக்குப் போதும்.

128 என்று மட்டும் எழுதியிருப்பதை நம்பிவிடாதீர்கள். அதிலும் இரண்டு வகை: பழைய ஆர்சி4, பிறகு வந்த ஏஇஎஸ். ஏஇஎஸ் 128-ஐ அக்ரோபாட் 7 காலத்திலிருந்து, அதாவது 2005 முதல் ரீடர்கள் திறக்கின்றன. 20 வருடத்துக்கு மேற்பட்ட மென்பொருளுக்காக ஆர்சி4-க்கு இறங்கத் தேவையில்லை. பழைய லிபர்ஆஃபிஸில் பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்து பாஸ்வேர்டு போட்டால் கிடைப்பது ஆர்சி4தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் கைக்கொள்வது qpdf என்ற இலவசக் கருவி. பூட்டிக்கொடுக்கும் இணையதளங்களில் ஏற்றினால் பூட்டாத ஃபைலை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்ததாகிவிடும். 42 ஆதாரை வைத்துக்கொண்டு அதைச் செய்ய வேண்டாம். கம்ப்யூட்டரின் கட்டளை ஜன்னலில் அடிக்க வேண்டியது இது:

```
qpdf --encrypt THIRAPPU URIMAI 128 --use-aes=y -- pattiyal.pdf anuppa.pdf
```

pattiyal.pdf உங்கள் பூட்டாத ஃபைல், anuppa.pdf பூட்டிக் கிடைக்கும் ஃபைல். THIRAPPU இருக்கும் இடத்தில் ஃபைலைத் திறக்கும் பாஸ்வேர்டு, URIMAI இருக்கும் இடத்தில் பிரிண்ட், காப்பி அனுமதிகளை மாற்ற உதவும் உரிமையாளர் பாஸ்வேர்டு. இரண்டும் வெவ்வேறாக இருக்கட்டும். உரிமையாளர் பாஸ்வேர்டை மட்டும் போட்டு, திறப்பதைக் காலியாக விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் ஃபைல் யாருக்கும் திறக்கும். ‘பிரிண்ட் எடுக்காதே, காப்பி செய்யாதே’ என்ற வேண்டுகோள் மட்டும் மிஞ்சும். அதை மதிப்பதும் மதிக்காததும் ரீடரின் இஷ்டம்.

256 வேண்டுமென்றால் அந்த `128 --use-aes=y` இருக்கும் இடத்தில் வெறும் `256` போதும். பிறகு போட்டது என்ன பூட்டு என்று பார்த்துவிடுங்கள்:

```
qpdf --show-encryption --password=THIRAPPU anuppa.pdf
```

`R = 4` என்றும் AESv2 என்றும் வந்தால் ஏஇஎஸ் 128. `R = 6`, AESv3 என்றால் திருத்திய 256. `R = 5` என்றால் நான் வேண்டாம் என்ற 2008 வகை. `R = 3` ஆர்சி4, `R = 2` உங்கள் 40 பிட். வேறு மென்பொருளில் பூட்டிய ஃபைலையும் இப்படியே சோதிக்கலாம்.

இந்தப் பூட்டின் பாதி வேலை பாஸ்வேர்டில்தான் இருக்கிறது. நம் ஊரில் எல்லாரும் வைப்பது பிறந்த தேதி. நூறு வருடத்துக்கு மொத்தமே 36,525 தேதிகள். 256 பூட்டு போட்டிருந்தாலும் அது நொடிகளில் போய்விடும். இ-ஆதார் பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த வருடமும் என்பது ஊருக்கே தெரியும். பெயர் தெரிந்தவனுக்கு நூறு ஊகம் போதும். அதைப் பார்த்து நாமும் அதே பாணியில் வைக்கக் கூடாது. ஆங்கிலச் சிற்றெழுத்துகள் 12-ஐக் குலுக்கிப் போட்டு எடுத்தால் சுமார் 954 கோடி கோடி வாய்ப்புகள். போனில் ‘ஏ ஃபார் ஆப்பிள்’ என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுத வைக்க இரண்டு நிமிடம் ஆகும், அவ்வளவுதான். பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் போனால் பாஸ்வேர்டு போனில் வாய்வழியாகப் போகட்டும்.

தமிழிலேயே பாஸ்வேர்டு வைக்கலாமே என்று தோன்றும். எனக்கும் ஆசைதான். 128 வரையிலான பூட்டுகளின் பாஸ்வேர்டில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லை. 256-ல் இடம் உண்டு, ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. ‘கொ’ என்பதை ஒரு விசைப்பலகை க-வோடு ஒற்றைக் குறியாகவும், இன்னொன்று கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் அனுப்பலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காத ரீடருக்கு அவை வேறு வேறு பாஸ்வேர்டு. உங்கள் 256 ஃபைலுக்குத் தமிழ் பாஸ்வேர்டு வைத்திருந்தால், ராமநாதபுரத்துக் கோளாறுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். குரோமிலும் ‘தவறு’ என்றே வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். 128-ல் நீளத்துக்கும் வரம்பு உண்டு: 32 எழுத்துக்கு மேல் போனால் மிச்சம் கணக்கில் சேராது.

சரி, உங்கள் ஃபைல் மூன்று இடத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம்: ராமநாதபுரத்து அலுவலகம், வங்கிக் கிளை, பாசி வாங்கும் வியாபாரியின் போன். அலுவலகத்தில் குரோமில் திறந்து பிரிண்ட் எடுக்கச் சம்மதித்தால் மூன்று பேருக்கும் 256. ‘எங்களுக்கு இந்த ரீடர்தான் பழக்கம்’ என்றால் மூன்று பேருக்கும் ஏஇஎஸ் 128. அலுவலகத்துக்கு மட்டும் 128, மற்ற இருவருக்கும் 256 என்று பிரிப்பதில் லாபமில்லை. உள்ளே இருப்பது ஒரே பட்டியல். எடுக்க நினைப்பவன் எளிய பிரதியைத்தான் தேடுவான். இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால், 128-ல் ஊகித்த பாஸ்வேர்டு 256-ஐயும் திறந்துவிடும். அதைவிட, வியாபாரிக்கு ஆதார் நகல் எதற்கு என்று கேளுங்கள். அவருக்குப் பெயரும் கணக்கு எண்ணும் உள்ள ஒரு பக்கம் மட்டும் போனால் போதுமே.

ஏற்கெனவே 40 பிட்டில் போன பிரதி அங்கே யாருடைய மெயிலிலோ டெஸ்க்டாப்பிலோ கிடக்கும். புதுப் பூட்டு அதைத் தொடாது. அழிக்கச் சொல்லுங்கள், உங்கள் Sent பகுதியிலும் அழியுங்கள். புதுப் பிரதிக்கு அந்தப் பழைய பாஸ்வேர்டையே மறுபடி வைக்காதீர்கள்.