ஆர்டர் போட்ட பிறகு “மாத்திக் கொடுங்க” என்றால்: சென்னிமலைப் போர்வைக் கடையிலிருந்து கேள்வி பதில்

சென்னிமலையில் எங்கள் குடும்பத்துக்குப் போர்வை, துண்டு வியாபாரம். இணையத்தில் வரும் ஆர்டர்களை எட்டு வருடமாக நான்தான் பார்க்கிறேன். ஆர்டர் விழுந்த நேரத்துக்கும் கூரியர் தம்பி மூட்டையைத் தூக்கும் நேரத்துக்கும் நடுவில் வரும் “மாத்துங்க”, “வேண்டாங்க” பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருப்பூர், டி-ஷர்ட் கடை: அக்கா, கஸ்டமர் வாட்ஸ்அப்ல சைஸ் மாத்தச் சொன்னாரு, நானும் சரின்னுட்டேன். ஆனா பழைய சைஸே போயிருச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை இப்படி ஆகுது. எங்கதான் தப்பு?

நீங்கள் “சரி” சொன்னது போனில். பேக்கிங் மேசைக்கு அது போய்ச் சேரவில்லை தம்பி, அவ்வளவுதான்.

எங்களுக்கும் இதே அடி விழுந்திருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் ஒரு அம்மா காலை 10:40க்கு ஒரு டபுள் போர்வையும் இரண்டு துண்டும் ஆர்டர் போட்டார். 11:30க்கு அன்றைய பேக்கிங் சீட்டுகளை அச்சடித்து மேசையில் கிளிப் போட்டு வைத்தோம். 11:42க்கு “டபுள் வேண்டாங்க, கிங் சைஸ் போடுங்க” என்று அவரிடமிருந்து மெசேஜ். என் தங்கை மூன்றே நிமிடத்தில் “மாத்திடறோம்ங்க” என்று பதில் போட்டுவிட்டாள். சீட்டு கிளிப்பிலேயே இருந்தது. 12:15க்கு டபுள் போர்வை டேப் ஒட்டி மூட்டைக்குள் போய்விட்டது. மாத்தித் தருவதாக எழுத்தில் சொல்லிவிட்டோம் என்பதால் போக, வர, மறுபடி போக என்று மூன்று கூரியர் செலவும் எங்கள் தலையில். அந்த அம்மா வீட்டு விசேஷத்துக்கும் போர்வை போய்ச் சேரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வரிசை வைத்திருக்கிறோம். மெசேஜ் வந்ததும் முதலில் கணினியில் அந்த ஆர்டரை நிறுத்துகிறோம். இணையக் கடையை WooCommerce-ல் நடத்துபவர்கள் ஆர்டர் நிலையை `On hold` என்று மாற்றினால் போதும். அடுத்து எழுந்து போய் மேசையிலிருந்து அந்தச் சீட்டைக் கையில் எடுக்க வேண்டும். கூரியர் லேபிள் எடுத்திருந்தால் அதையும் அப்போதே கேன்சல் செய்கிறோம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கஸ்டமருக்குப் பதில். அந்தப் பதிலிலும் “மாத்திடறோம்” என்று இருக்காது. “உங்கள் ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறோம், கிங் சைஸ் இருப்பு பார்த்து அரை மணி நேரத்தில் சொல்கிறோம்” என்றுதான் இருக்கும். சீட்டு கையில் வராமல் பதில் போடக் கூடாது. வீட்டில் யார் போனை எடுத்தாலும் இதுதான்.

உங்கள் தளத்தில் “அனுப்பும் வரை மாற்றலாம்” என்று எழுதியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது. சீட்டு அச்சான பிறகு மாற்றுவது யாராவது ஒருவர் ஓடிப் போய் மூட்டையைத் தேடுவதைப் பொறுத்தது. நாங்கள் காலை 11:30, மதியம் 3 மணி என்று இரண்டு முறை அச்சடிக்கிறோம். கடைசி ஒரு மணி நேரத்தில் வந்த ஆர்டர்களை அடுத்த அச்சுக்குத் தள்ளிவிடுவோம். மனசு மாறுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மாறிவிடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

கரூர், திரைச்சீலை வியாபாரம்: ஒரு மணி நேரம் தள்ளுறது உங்களுக்குச் சரிங்க. எங்க ஊர்ப் பக்கம் கூரியர் வண்டி ஒரே தடவைதான், மதியம் 2 மணிக்கு வருது. தள்ளினா ஒரு நாள் போயிருமே?

போகத்தான் செய்யும், மறுக்கவில்லைங்க. ஒரே வண்டி என்றால் 1 மணிக்குப் பிறகு வந்த ஆர்டரை எப்படியும் நாளைக்குத்தான் அனுப்புவீர்கள். பிரச்சினை 12லிருந்து 1க்குள் வருகிறவைதான். அதில் ஒரே அளவு, ஒரே நிறம் உள்ள சரக்கை உடனே போட்டுவிட்டு, அளவு தேர்ந்தெடுக்க வேண்டிய சரக்கை மட்டும் தள்ளிப் பாருங்கள். திரைச்சீலையில் 5 அடியா 7 அடியா என்ற குழப்பம்தான் அதிகம் வரும் என்று நினைக்கிறேன். உங்கள் பழைய மெசேஜ்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதில் எல்லோருக்கும் பொருந்தும் ஒரு நேரத்தை என்னால் சொல்ல முடியாது.

பெருந்துறை, துண்டு விற்பனை: WooCommerce-ல் `Processing` ஆகிவிட்டால் ஆர்டரைத் திருத்தவே முடியாது. அதனால் கேன்சல் செய்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறேன். இதுதானே ஒரே வழி?

முதல் பாதி சரி. `Processing` நிலையில் பொருட்களைத் திருத்த விடாது. ஆனால் `On hold` என்று மாற்றினால் திருத்தலாம். வேலை முடிந்து மறுபடி `Processing` ஆக்கும்போது கஸ்டமருக்கு ஆர்டர் உறுதி மெயில் இன்னொன்று போகும். “ரெண்டு தடவை ஆர்டர் ஆயிருச்சா?” என்று போன் வரும் பாருங்கள், அதனால் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள்.

கேன்சல் செய்து புதிதாகப் போடச் சொன்னால், அவருடைய பழைய பணம் திரும்பி வர நாள் ஆகும். அதுவரை இரண்டு தடவை பணம் கட்டிய மாதிரி நிற்பார். பாதிப் பேர் புதிதாகப் போடவே மாட்டார்கள்.

திருத்தும்போது தொகை கூடுகிறதா குறைகிறதா என்பதில்தான் கவனம் வேண்டும். மேட்டுப்பாளையம் அம்மாவின் ஆர்டரையே எடுத்துக்கொள்வோம். டபுள் 850, இரண்டு துண்டு 360, மொத்தம் 1,210 ரூபாய் கட்டியிருந்தார். கிங் 1,150. ஆக இன்னும் 300 வர வேண்டும். இந்த மாதிரி நேரத்தில் கிங் சைஸ் ஒன்றை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு 300க்குப் பேமென்ட் லிங்க் அனுப்புங்கள். “இன்று 3 மணிக்குள் கட்டினால் கிங், இல்லையென்றால் டபுளே அனுப்பட்டுமா, நிறுத்தி வைக்கட்டுமா?” என்று கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள். பணம் வரும் வரை ஆர்டரிலிருந்து டபுளை எடுக்காதீர்கள். எடுத்த நிமிடமே அது இருப்பில் ஏறி, வேறு யாராவது வாங்கிவிடலாம். அப்புறம் இந்த அம்மா “பழையதே போதுங்க” என்றால் என்ன செய்வீர்கள்?

குறைந்தால் வேறு மாதிரி. ஒரு துண்டு வேண்டாம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வரியை அழித்துவிடாதீர்கள். அழித்தால் மொத்தம் 1,030 என்று காட்டும், ஆனால் அவர் கட்டியது 1,210. நடுவில் போன 180க்குக் கணக்கே இருக்காது. `Refund` பட்டனை அழுத்தி அந்த வரிக்கு மட்டும் ஒரு துண்டு, 180 ரூபாய் என்று போடுங்கள். பேமென்ட் கேட்வே வழியாகவே ரீஃபண்ட் போட்டால் பணமும் கட்டிய வழியிலேயே திரும்பும், பதிவும் இருக்கும். ஒரே ஒரு சிக்கல், சில பேக்கிங் சீட்டுகளில் பழைய எண்ணிக்கையே அச்சாகும். உங்களுடையது எப்படி வருகிறது என்று ஒரு தடவை அச்சடித்துப் பார்த்துவிடுங்கள்.

பொள்ளாச்சி, தேங்காய் எண்ணெய்: போன வாரம் போன டின் ஒழுகிருச்சுன்னு கஸ்டமர் கேன்சல் கேக்குறாங்க. `Cancelled` போடலாமா?

சரக்கு கைக்குப் போய்விட்டது, அதனால் இது கேன்சல் இல்லைங்க. ரிட்டர்ன் கணக்கு. `Cancelled` போட்டால் ஒழுகிய டின் இருப்பில் ஏறி, இல்லாத சரக்கை விற்பீர்கள். படம் வாங்கிக்கொண்டு, சரக்கை இருப்பில் சேர்க்காமல் ரீஃபண்ட் மட்டும் போடுங்கள்.

கோபி, நாட்டுச் சர்க்கரை: முகவரி மட்டும்தான் மாத்தச் சொல்றாங்க. பழைய லேபிள் மேலேயே புது முகவரி எழுதி ஒட்டிடலாமுங்களா?

வேண்டவே வேண்டாம். கூரியர்க்காரர்கள் முகவரியைப் படித்து மூட்டையைப் பிரிப்பதில்லை, பார்கோடைத்தான் ஸ்கேன் செய்கிறார்கள். அது பழைய பின்கோடுக்கே அனுப்பிவிடும். பழைய லேபிளைக் கேன்சல் செய்து புதிதாக எடுங்கள். புதுப் பின்கோடுக்கு அந்தக் கூரியர் போகிறதா, பணம் வாங்கிக் கொடுக்கும் வசதி அங்கே உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வெளி மாநிலத்துக்கு மாறினால் பில்லும் மாறும். கோயம்புத்தூருக்குப் போட்டதை பெங்களூருக்கு மாற்றினால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போய் ஐஜிஎஸ்டி வரும். அதனால்தான் நான் மூட்டை கட்டும்போதுதான் பில் போடுகிறேன்.

இன்னொன்று, முகவரி மாற்றம் யார் கேட்டாலும் ஆர்டரில் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வேறு எண்ணிலிருந்து வரும் மெசேஜை நம்பி, பணம் கட்டிய சரக்கைத் திருப்பி விடக் கூடாது.

ஈரோடு, மஞ்சள் தூள்: கேன்சல் பண்ணின ஒருத்தர், “கட்டினது வீட்டுக்காரர் அக்கவுண்ட், என் ஜிபேக்கு அனுப்பிருங்க”ன்னாங்க. அனுப்பிட்டேன். ஒரு மாசம் கழிச்சு வீட்டுக்காரர் பேங்க்ல புகார் போட்டு அதே பணத்தை மறுபடி எடுத்துட்டாங்க. இது திரும்ப வருமுங்களா?

கேட்கவே கஷ்டமாக இருக்கிறதுங்க. நீங்கள் பணம் திருப்பியது பேமென்ட் கேட்வே கணக்கில் இல்லை. அவர்கள் பார்வையில் சரக்கும் போகவில்லை, பணமும் திரும்பவில்லை. ஜிபே பரிமாற்ற எண், அந்த அம்மா கேட்ட மெசேஜ் இரண்டையும் கேட்வேக்கு அனுப்புங்கள். புகாருக்குப் பதில் தரும் கெடு முடியவில்லை என்றால் வாய்ப்பு உண்டு. முடிந்திருந்தால் அந்த வீட்டாரிடம் நேரில் பேசிப் பார்ப்பதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை. இனிமேல் கட்டிய வழியிலேயே ரீஃபண்ட், வேறு எந்த வழியும் கிடையாது என்று இருங்கள். அவசரமாக வேண்டும் என்று கேட்டாலும் ரீஃபண்ட் எண்ணை அனுப்பிவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

பவானி, ஜமக்காளம்: அளவு சொல்லித் தறியில நெய்யச் சொல்லிட்டு, பாவு நூல் ஏத்தினப்புறம் வேண்டாங்கிறாங்க. கேன்சல் கட்டணம் பிடிக்கலாமா?

2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகள் இதைச் சொல்கின்றன. வாங்குபவர் கேன்சல் செய்தால் கட்டணம் பிடிக்க வேண்டுமானால், நீங்களாகக் கேன்சல் செய்தாலும் அதே மாதிரிக் கட்டணத்தை நீங்கள் ஏற்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடிக்க முடியாது.

அதனால் சாதாரணப் போர்வைக்கு நான் ஒரு ரூபாய்கூடப் பிடிப்பதில்லை. கேட்வே கட்டணம் திரும்ப வராது, அது என் நஷ்டம் என்று எழுதிவிடுகிறேன். ஆனால் சொல்லி நெய்வதற்கு அது ஆகாது. நூல் சாயம் போட்டு, பாவு ஏற்றி, நெசவாளிக்குக் கூலி ஒப்புக்கொண்ட பிறகு அந்த அளவை வேறு யாருக்கு விற்பது? “பாவு ஏற்றும் நாள் இது, அதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்” என்று ஆர்டர் அன்றே தேதி போட்டு அனுப்புங்கள். அந்தக் காலையில் ஒரு தடவை போன் செய்து கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

திருப்பூர், டி-ஷர்ட் கடை (மறுபடியும்): நான் பேர் அச்சடிச்ச சட்டைக்கு 100 ரூபாய் பிடிக்கிறேன் அக்கா, யாரும் சண்டைக்கு வரலை. நீங்க சொல்றது ரொம்பப் பயமா இருக்கே?

சண்டைக்கு வரவில்லை என்பதால் சரியாகிவிடாது தம்பி. நீங்களாகக் கேன்சல் செய்த அன்று அந்த 100ஐ நீங்கள் கொடுத்தீர்களா? கொடுக்கிறேன் என்று தளத்தில் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் நிற்க இடம் உண்டு. பவானிக்காரருக்கு 100 ரூபாய் எதற்கும் காணாது. பாவுச் செலவு முழுவதையும் பிடிக்கலாமா என்பதில் எனக்கே தெளிவு இல்லை. அதை ஒரு வக்கீலிடம் கேட்டு ஒப்பந்தமாக எழுதிக்கொள்வதுதான் நல்லது.