சொல்லில்லாமல் வந்த படம்

"செம்பனை ஓலையின் படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், ஒரு சொல்லும் இல்லை. பார்த்ததைச் சொல்லவா, கேட்கவா, காத்திருக்கவா?"

சுங்கை சிப்புட்டில் உரக்கடை வைத்திருக்கிறேன். இரண்டு நிமிடம் காத்திருப்பேன். பலர் படத்தை அனுப்பிய பிறகுதான் எழுதத் தொடங்குவார்கள். (பணி ஓய்வு பெற்ற மாமாக்கள் என்றால் ஐந்து நிமிடம்.) ஒன்றும் வராவிட்டால், கண்ணுக்குத் தெரிவதை ஒரு வரியில் எழுதி, படத்தில் இல்லாத ஒன்றை மட்டும் கேட்பேன்.

போன வாரம் வந்த ஓலையில் ஆரஞ்சுப் புள்ளிகள். பொட்டாசியம் குறைவு என்று சொல்ல நாக்கு துடித்தது. அந்தக் குறை பழைய அடி ஓலைகளில் முதலில் தெரியும், பக்கத்து மரங்களிலும் பொதுவாகக் காணப்படும். ஆனால் சில மரங்களுக்குப் பிறவியிலேயே அப்படிப் புள்ளி விழும். அதற்கு உரம் போட்டுப் பயனில்லை. ஓர் ஓலையின் படம் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

"அண்ணே, ஆரஞ்சுப் புள்ளி தெரிகிறது. பக்கத்து மரங்களிலும் இருக்கிறதா?" என்று எழுதினேன்.

"இந்த ஒன்றில் மட்டும்தான் தம்பி."

என் கடையில் ஒரு மூட்டை பொட்டாஷ் விற்காமல் போனது.

பூச்சிமருந்துக் குப்பியோ பாம்போ படமாக வந்தால் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்; உடனே அழைத்துவிடுவேன்.