பதின்மூன்றாவது மாத பில்

கேள்வி: வீட்டு இணைய இணைப்பு, 100 எம்பிபிஎஸ் திட்டம். ஃபைல் இறக்கும்போது நொடிக்கு 12 எம்பிதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. திட்டத்தில் இருப்பது மெகாபிட், திரையில் தெரிவது மெகாபைட். எட்டால் வகுத்துப் பாருங்கள்.

கேள்வி: 300-க்கு மாறியும், கேபிளில் சோதித்தால் 94-ஐத் தாண்டவில்லை.

பதில்: நானும் ஏழு மாதம் இப்படித் தண்டம் கட்டியவன்தான். என் பழைய ரவுட்டரின் போர்ட் 100-க்கு மேல் போகாது. 94-லேயே நின்றால் போர்ட்டையும் கேபிளையும்தான் சந்தேகிக்க வேண்டும். ரவுட்டர், கணினி இரண்டிலும் ஜிகாபிட் போர்ட் வேண்டும். கேபிளுக்குள் எட்டு கம்பிகளும் சரியாக இருக்க வேண்டும். ஒன்று அறுந்தாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடலாம்.

கேள்வி: ஒரு நிறுவனம் முதல் ஆண்டு மாதம் 400, பிறகு 700, இன்ஸ்டலேஷன் 1000 என்கிறது. இன்னொன்று எப்போதும் 550, இன்ஸ்டலேஷன் கிடையாது. 400 மலிவுதானே?

பதில்: எனக்கு எரிச்சல் மூட்டுவதே இந்த 400-தான். விளம்பரத்தில் அது கொட்டை எழுத்தில் இருக்கும், 700 எறும்பு எழுத்தில் இருக்கும். கணக்குப் போடுவோம். முதல் ஆண்டில் முதல் நிறுவனத்துக்கு 5800, இரண்டாவதற்கு 6600. அதுவரை 400-காரர்தான் மலிவு. பதின்மூன்றாவது மாதத்திலிருந்து அவருக்கு மாதம் 150 கூடுதலாகப் போகிறது. பதினெட்டாவது மாதத்தில் மிச்சம் பிடித்த 800-ம் கரைந்துவிடும். இரண்டு ஆண்டு முடிவில் 14,200-க்கு எதிராக 13,200. ரவுட்டர் வாடகை மாதம் 50 என்று எங்காவது ஒளிந்திருந்தால் இன்னும் 1200 சேரும். விலையில் வரி அடங்குமா என்றும் கேளுங்கள். ஒரே ஆண்டில் வீடு மாறுவது உறுதி என்றால் 400-ஐ எடுங்கள், ஆனால் நடுவில் விட்டால் அபராதம் உண்டா என்று முதலில் பாருங்கள். தங்கப்போகிறீர்கள் என்றால் 24 மாத மொத்தத்தைத் தவிர வேறு எதையும் ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: 'அன்லிமிடெட்' என்றார்கள். மாதக் கடைசியில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. விதிமுறையெல்லாம் யார் சார் படிக்கிறார்கள்?

பதில்: படிக்காதவர்கள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை ஜிபிக்கு மேல் வேகம் குறையும், எவ்வளவாகக் குறையும் என்ற இரண்டு எண்களும் அதில்தான் இருக்கும். 2 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கினால் எச்டி வீடியோ ஓடாது.

கேள்வி: இன்ஸ்டலேஷன் இலவசம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். ஆறாவது மாதம் வீடு மாறுகிறேன் என்றதும் அந்தக் கட்டணத்தைக் கேட்கிறார்கள். ஓராண்டு நிபந்தனை பற்றி யாரும் சொல்லவில்லை.

பதில்: உங்கள் மேல் தப்பில்லை, சொல்ல வேண்டியது விற்றவர். உடனே பணம் கட்டாதீர்கள். அந்த நிபந்தனை உள்ள, நீங்கள் ஒப்புக்கொண்ட படிவத்தின் நகலை மின்னஞ்சலில் கேளுங்கள். இணைப்பைத் துண்டிக்காமல் புது முகவரிக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். மாற்றினால் பல இடங்களில் இந்தக் கட்டணமே எழாது. துண்டிப்பதுதான் என்றால், ரவுட்டரைக் கொடுக்கும்போது சீரியல் எண் எழுதிய ரசீது வாங்காமல் விடாதீர்கள். இல்லையென்றால் ரவுட்டர் வரவில்லை என்று அடுத்த பில் வரும்.