இருவரும் எளிதில் மறுக்கும்படி ஓர் அறிமுகம்

கேள்வி: சேலத்தில் காபித்தூள் கடை வைத்திருக்கும் என் நண்பர், ஏற்காட்டில் தோட்டக்காரர் யாரையாவது தெரியுமா என்று கேட்கிறார். ஒருவரைத் தெரியும், ஆனால் அவர் வயதில் பெரியவர். இருவருக்கும் தர்மசங்கடம் வராமல் எப்படி அறிமுகம் செய்து வைப்பது? என்ன எழுதுவது?

பதில்:

முதலில் தோட்டக்காரரிடம் கேளுங்கள். அவர் சம்மதிக்கும் வரை அவருடைய எண்ணை மட்டுமல்ல, பெயரையும் நண்பரிடம் சொல்லாமல் இருப்பது நல்லது. பெயர் தெரிந்துவிட்டால், பிறகு வரும் மறுப்பு இன்னார் என்னை வேண்டாம் என்றார் என்று நண்பர் மனத்தில் தங்கிவிடும்; பெயர் தெரியாதவரை, இடம் அமையவில்லை என்பதோடு முடிந்துவிடும்.

தோட்டக்காரரை அழைத்துப் பேச வேண்டாம், எழுதிக் கேளுங்கள். நம் பக்கத்தில் பெரியவர்கள் தொலைபேசியில் கேட்டால் "அதுக்கென்னங்க, வரச் சொல்லுங்க" என்று உடனே சொல்லிவிடுவார்கள். கேட்பவர் முகம் வாடக்கூடாது என்பதற்காகச் சொல்லும் அந்த வார்த்தையை நம்பி ஆளை மலைக்கு அனுப்பினால், இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனவர் காபி குடித்துவிட்டுத் திரும்புவார். அவருக்கு மறுக்கக் காரணமும் இருக்கலாம். ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் சரக்கு அவருக்குத்தான் போக வேண்டும், அதை வெளியே சொல்லவும் மனம் வராது. எழுத்தில் கேட்டால் யோசிக்க நேரம் கிடைக்கும்.

எழுதுவதற்கு முன், என்ன சரக்கு, எவ்வளவு, பணம் எப்போது என்பதை நண்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காபி வாங்க விரும்புகிறார் என்று மட்டும் எழுதினால், விவரம் தெரிந்துகொள்வதற்காகவே பெரியவர் பேச வேண்டியதாகிவிடும். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"ஐயா, வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் காபித்தூள் கடை நடத்தும் என் நண்பர், இந்தப் பருவத்து அரபிகா பார்ச்மெண்ட் 5 மூட்டை, மூட்டைக்கு 50 கிலோ வீதம், தோட்டத்திலிருந்து நேரடியாக வாங்க விரும்புகிறார். எடை போட்டதும் பணம் தருவதாகச் சொல்கிறார். ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்ததில்லை. உங்கள் பெயரை அவரிடம் சொல்லவில்லை. பேசலாம் என்று தோன்றினால் ஒரு வரி எழுதுங்கள். சரக்கை ஏற்கெனவே பேசி முடித்திருந்தாலோ, வேறு எதனாலோ வேண்டாம் என்றாலோ, பதில் போடவே வேண்டாம். நான் மறுபடி கேட்க மாட்டேன்."

இதில் உயிரானவை கடைசி இரண்டு வரிகள்தான். "விருப்பம் இல்லாவிட்டால் சொல்லுங்கள்" என்று எழுதினால், மறுப்பதற்காக அவர் உட்கார்ந்து ஒரு பதில் எழுத வேண்டும். பேசாமல் இருப்பதையே மறுப்பாக ஏற்றுக்கொண்டால் அந்தச் சுமை இல்லை. அப்படி எழுதியபின் நினைவூட்டல் அனுப்பக் கூடாது. "பார்க்கலாங்க", "சீசன் முடியட்டுங்க" என்று பதில் வந்தால் அதையும் மறுப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே விருப்பமுள்ளவர் எத்தனை மூட்டை, எந்த மாதம் என்று திருப்பிக் கேட்பார். "கொடுக்கல் வாங்கல் செய்ததில்லை" என்ற வரியையும் எடுத்துவிடாதீர்கள், உங்கள் பொறுப்பு எதுவரை என்பதை அது சொல்லிவிடுகிறது. தரகு எதுவும் வாங்குவதாக இருந்தால் அதையும் இங்கேயே எழுதிவிட வேண்டும்.

நண்பருக்கும் மறுக்கும் உரிமை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரியவர் சம்மதித்து, ஆனால் லாட்டைப் பிரிக்க முடியாது, 20 மூட்டையும் சேர்த்துத்தான் தருவேன் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே எண்ணைக் கொடுத்துவிட்டால், கேட்டது நாம்தானே என்ற கூச்சத்தில் நண்பர் அழைத்து இழுத்தடிப்பார். பெயர் சொல்லாமல் இப்படி எழுதுங்கள்: "ஒருவர் பேசத் தயாராக இருக்கிறார். 20 மூட்டையும் ஒன்றாக எடுக்க வேண்டுமாம். பார்ச்மெண்ட் என்பதால் தோல் நீக்கும் வேலை உங்களுடையது. ஒத்துவந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இத்தோடு விட்டுவிடலாம். அளவு ஒத்துவரவில்லை என்று அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்."

இருவரும் சரி என்ற பிறகே எண். வாட்ஸ்அப்பில் மூவருக்கும் குழு தொடங்காதீர்கள். கேட்காமலே இருவர் எண்ணும் வெளிப்படுவதோடு, அதிலிருந்து விலகுவதும் முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிடும். எந்த நேரத்தில் அழைக்கலாம் என்று பெரியவரிடம் கேட்டு, எண்ணோடு அதையும் நண்பருக்கு அனுப்புங்கள். நவம்பர் தொடங்கிப் பறிப்பு நடக்கும் மாதங்களில் அவர் பகலெல்லாம் தோட்டத்தில் இருப்பார் என்பதால் பெரும்பாலும் மாலை நேரத்தைத்தான் சொல்வார். நண்பர் பெயரையும் எண்ணையும் பெரியவருக்கு அனுப்பி, அவரே அழைப்பார் என்று தெரிவித்துவிடுங்கள். முதல் அழைப்பு, கேட்டவரிடமிருந்துதான் போக வேண்டும்.

அதன்பின் விலைப் பேச்சில் நீங்கள் இருக்க வேண்டாம். என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் நண்பரிடம் மட்டும் கேளுங்கள். பெரியவரிடம் கேட்டால், பேச்சு முறிந்திருக்கும் பட்சத்தில், அவர் உங்களுக்கும் ஒரு விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிடும்.