உடைந்த பல்பின் அடிப்பகுதி ஹோல்டரில் மாட்டிக்கொண்டால்

"அண்ணா, டொராண்டோ வந்து மூணு வாரம் ஆச்சு, ஒரு வீட்டோட பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருக்கேன். பாத்ரூம் பல்பு பியூஸ் ஆச்சுன்னு கழட்டப் போனா கண்ணாடி மட்டும் உடைஞ்சு கையோட வந்துடுச்சு. அடியில இருக்கிற தகரம் ஹோல்டர்லயே நிக்குது. சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு நானே எடுத்துடலாமா, ஆளைக் கூப்பிடணுமா?"

நீங்களே எடுத்துடலாம் தம்பி. ஆனா சுவிட்ச் ஆஃப் மட்டும் போதாது.

எப்படி உடைஞ்சிருக்கும்னு ஊகிக்க முடியுது. நம்ம ஊர்ல பெரும்பாலும் ரெண்டு பின் வச்ச பல்பு. அமுக்கி லேசாத் திருப்பினா வந்துடும். இங்கே மரை வச்ச பல்பு, அடி 26 மில்லிமீட்டர் அகலம். பழக்கத்துல அமுக்கித் திருப்பினா, வருஷக்கணக்கா சூட்டுல இறுகிப்போன தகரம் அசையாது, கண்ணாடிதான் விட்டுக்கொடுக்கும்.

நானும் வந்த புதுசுல சுவர் சுவிட்சை மட்டும் அணைச்சுட்டு ஸ்டூல்ல ஏறினேன். பிளையரை உள்ளே விட்ட நேரம், வீட்டம்மா உள்ளே வந்து "என்ன இருட்டா இருக்கு"ன்னு சுவிட்சைத் தட்டிட்டாங்க. பட்டுன்னு ஒரு பொறி. கைப்பிடியில ரப்பர் இருந்ததால தப்பிச்சேன். அந்த பிளையர் நுனியில கடுகு அளவுக்கு ஒரு பள்ளம் இன்னிக்கும் இருக்கு. வேற ஒரு காரணமும் உண்டு: பழைய வீடுகள்ல ஒயரை மாத்திக் கொடுத்திருந்தா, சுவிட்ச் அணைஞ்சிருந்தாலும் ஹோல்டர்ல 120 வோல்ட் நிக்கும்.

அதனால பிரேக்கர் பேனலுக்குப் போங்க. பேஸ்மென்ட்ல உங்க பக்கமே இருக்கலாம், இல்லேன்னா மாடியில இருக்கிற ஓனரைக் கேளுங்க. பேனல்ல எழுதியிருக்கிற பேரை அப்படியே நம்பாதீங்க. தொடாமலே கரண்ட் இருக்கான்னு காட்டுற டெஸ்டர் ஹார்டுவேர் கடையில கிடைக்கும், ஒண்ணு வாங்கிக்குங்க. சுவர் சுவிட்சை ஆன்லயே விட்டுட்டு, உடைஞ்ச கண்ணாடியில கை படாம டெஸ்டரை ஹோல்டர் பக்கத்துல பிடிங்க. பீப் அடிக்கும். இப்போ பிரேக்கரை அணைச்சுட்டு வந்து மறுபடி பிடிங்க, சத்தம் நிக்கணும். உடனே கரண்ட் இருக்கிற வேற ஒரு பிளக் பாயிண்ட்ல வச்சு அங்கே பீப் வருதான்னும் பாருங்க. டெஸ்டர் பேட்டரி செத்துப்போய் நின்ன சத்தமா இருந்தா ஏமாந்துடுவோம். முதல் தடவையே பீப் வரலைன்னா இந்தச் சோதனையை நம்ப முடியாது, எலக்ட்ரீஷியன்கிட்ட விட்டுடுங்க. சோதனை சரியா வந்ததும் சுவிட்சையும் அணைச்சுட்டு, பிரேக்கர் மேல ஒரு டேப் ஒட்டி "தொடாதீங்க"ன்னு எழுதி வைங்க, மேல் வீட்டுக்காரங்ககிட்டேயும் சொல்லிடுங்க.

பாத்ரூம்ல ஜன்னல் இருக்காது, அதனால நெத்தியில மாட்டுற டார்ச் இருந்தா நல்லது. கண்ணாடித் துகள் நேரா கண்ணுக்குத்தான் வரும். பாதுகாப்புக் கண்ணாடி, தடிமனான கையுறை, செருப்பு எல்லாம் போட்டுட்டு கீழே பழைய பேப்பர் விரிச்சு ஏறுங்க.

நீட்டு மூக்கு பிளையர் எடுத்து, நீட்டிட்டு இருக்கிற கண்ணாடியை முதல்ல உடைச்சு எடுங்க. அப்புறம் தகரத்தோட விளிம்பைப் பிடிச்சு, கீழிருந்து பார்க்கிறப்போ கடிகாரத்துக்கு எதிர்த் திசையில திருப்புங்க. விளிம்பு பிடி கொடுக்கலைன்னா, மூடின பிளையரை உள்ளே விட்டு வாயை மெல்ல விரிங்க. ரெண்டு பக்கமும் தகரத்தை அழுத்திப் பிடிக்கும், அப்படியே திருப்பலாம். அதுக்கும் அசையலைன்னா விளிம்பை ரெண்டு மூணு இடத்துல உள்பக்கமா மடக்குங்க. மரையை விட்டு விலகினதும் பிடி தளர்ந்துடும். அங்கே ரெண்டு தகரம் ஒட்டி இருக்கும்: உள்ளே மெல்லிசா இருக்கிறது பல்போடது, வெளியே இருக்கிறது ஹோல்டரோடது. வெளியே இருக்கிறதை நெளிச்சுட்டா புது பல்பு ஏறாது. ஹோல்டரே சேர்ந்து சுத்த ஆரம்பிச்சா நிறுத்திடுங்க, பின்னாடி ஒயர் முறுக்கிக்கும். அப்போ ஓனரைக் கூப்பிட வேண்டியதுதான்.

உருளைக்கிழங்கைச் சொருகித் திருப்புன்னு யாராவது சொல்லுவாங்க. அதோட சாறு ஹோல்டர்ல தங்கி துரு பிடிக்க வைக்கும், பாதிக் கிழங்கு உள்ளேயே உடைஞ்சும் நிக்கும். எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம், சூட்டுல புகையும்.

தகரம் வந்ததும் டார்ச் அடிச்சு உள்ளே பாருங்க. நடுவுல ஒரு சின்னப் பித்தளை நாக்கு இருக்கும். அது தட்டையா அமுங்கி இருந்தா, பிரேக்கர் அணைஞ்சிருக்கும்போதே ஒரு மரக் குச்சியால லேசா நிமித்துங்க. அமுங்கின நாக்கு பல்பைச் சரியாத் தொடாம சூடாகும். கருகின தடமோ, பொடிஞ்சு உதிர்ற ஒயர் உறையோ தெரிஞ்சா புது பல்பு போடாதீங்க. போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்புங்க, ஹோல்டரை மாத்துறது அவர் வேலை.

உடைஞ்சது சுருள் குழாய் மாதிரி இருக்கிற சி.எஃப்.எல் பல்பா இருந்தா, அதுல கொஞ்சம் பாதரசம் இருக்கும். உடனே வெளியே வந்து வீட்டுக் கதவு ஜன்னலைத் திறந்து குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம் விடுங்க, கண்ணாடித் துண்டுகளை வேக்குவம் போட்டு உறிஞ்சாதீங்க. மூடுற டப்பாவுல போட்டு சிட்டியோட அபாயக் கழிவு டிப்போவுல கொடுக்கணும். சாதா பல்புன்னா பேப்பர்ல சுத்தி குப்பையில போடலாம், ரீசைக்கிள் பண்ற நீலத் தொட்டியில வேண்டாம்.