தேர்தலுக்கு முன் ஏறும் பென்ஷனை நம்பிக் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். 2028-இல் எனக்கு 60 வயது. தேர்தல் வந்தால் பென்ஷனை ஏற்றுகிறார்கள், முடிந்ததும் வயதைத் தள்ளிவிட்டார்கள். அந்தப் பணத்தை நம்பி மாடி கட்டக் கடன் வாங்கலாமா?

பதில்: 60 வயதில் பென்ஷன் வந்துவிடும் என்ற கணக்கில் வாங்காதீர்கள் அம்மா. தொகையை விட, அது எப்போது கைக்கு வரும் என்பதில்தான் சிக்கல்.

மொரீஷியஸில் பட்ஜெட் ஜூனில் வாசிக்கப்படும், ஜூலையில் நடைமுறைக்கு வரும். கடந்த இரண்டு பொதுத்தேர்தல்களும் நவம்பரில் நடந்தன: 2019-இல் 7ஆம் தேதி, 2024-இல் 10ஆம் தேதி. அதனால் உயர்த்திய பணத்தைச் சில மாதங்கள் கையில் வாங்கிப் பார்த்த பிறகே மக்கள் வாக்களிக்கிறார்கள். அதை ஈடுகட்டும் வரியோ வெட்டோ அடுத்த பட்ஜெட்டுக்குப் போய்விடும். நார்ட்ஹவுஸ் என்ற பொருளாதார அறிஞர் 1975-லேயே இந்தச் சுழற்சியை விளக்கிவிட்டார்.

பாலத்துக்கும் சாலைக்கும் செலவழித்தால் பலன் தெரிய வருஷங்கள் ஆகும். பென்ஷன் மாதாமாதம் கண்ணுக்குத் தெரிகிறது. 2014-இல் 5,000 ரூபாய் என்றார்கள், 2019-இல் 13,500 வரை கொண்டுபோவதாகச் சொன்னார்கள். இப்படி ஏற்றிய தொகையைக் குறைக்க எந்த அரசுக்கும் துணிச்சல் வராது. அப்புறம் என்ன வழி? யாருக்கு, எந்த வயதில் என்பதை மாற்றுவார்கள், அல்லது விலைவாசி ஏறும்போது தொகையை அப்படியே விட்டுவிடுவார்கள்.

2024 தேர்தலுக்குப் பிறகு நடந்தது அதுதான். தேர்தலுக்கு முன், பதினான்காம் மாதச் சம்பளம் என்ற கூடுதல் ஒரு மாத ஊதியத்தை ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் போட்டி போட்டு வாக்குறுதியாகத் தந்தன. ஆட்சி மாறியது. பழைய கடன் சுமையும் புதிய அரசின் தலையில் விழுந்தது. ஏழே மாதத்தில், 2025 ஜூன் பட்ஜெட்டில், பென்ஷன் வயது 60-இலிருந்து 65-க்குப் படிப்படியாக உயரும் என்று அறிவித்தார்கள். செப்டம்பர் 2025-இல் தொடங்கிப் பத்து ஆண்டுகளில் அது முழுமையடையும். இந்த அடிப்படைப் பென்ஷன் நீங்கள் கட்டிய சந்தாவிலிருந்து வருவதல்ல, பொது வரிப்பணத்திலிருந்து வருவது. அதனால்தான் சட்டத்தைத் திருத்தி வயதை மாற்ற முடிகிறது.

உங்கள் கணக்குக்கு வருவோம். மாதம் 15,000 என்று வைத்தால் இரண்டு வருஷத் தள்ளிப்போதலுக்கு 3,60,000 ரூபாய் குறையும். ஐந்து வருஷமென்றால் 9,00,000. பிறந்த தேதியைச் சொல்லி உங்களுக்கு எந்த வயது பொருந்தும் என்று சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள். ஆனால் கடனை 65-ஐ வைத்தே போடுங்கள். அதுவரை தவணை தையல் வருமானத்திலிருந்தே கட்டும் அளவுக்கு இருக்கட்டும். மாடியை வாடகைக்கு விடுவதாக இருந்தாலும், ஆள் வரும்வரை அந்த வாடகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அடுத்த தேர்தலுக்கு முன் புதிதாக ஒரு சலுகை அறிவித்தால், தேர்தலுக்குப் பின் வரும் முதல் பட்ஜெட்டிலும் அது இருக்கிறதா, யாருக்கெல்லாம் என்ற நிபந்தனை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அது தெரியும்வரை அதை நம்பிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.