பொங்கல் வாழ்த்தை ஈரடியில் எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் தெருப் பொங்கல் விழாப் பலகைக்காக, "இனிய பொங்கல் திருநாள் வந்தது / மகிழ்ச்சி எங்கும் நிறைந்து பொங்கியது" என்று இரண்டு வரி எழுதினேன். படித்தால் உரைநடை போலவே இருக்கிறது. எதுகை, மோனை, சந்தம் எல்லாம் வருமாறு இதை எப்படித் திருத்துவது?

வடசென்னைப் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு விழாக்களுக்கான வாழ்த்து வரிகளைப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். அந்தப் பழக்கத்தைக் கொண்டு, உங்கள் வரிகளையே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

உங்கள் வரிகளில் ஓசை ஒற்றுமை வெளிப்படையாகத் தெரியும் இடம் இறுதி: வந்தது, பொங்கியது. ஆனால் தமிழில் அஃறிணை ஒருமையின் இறந்தகால வினைமுற்றுகளில் பெரும்பாலானவை "து" என்றே முடிவதால், காது அதை இயைபாக எடுத்துக்கொள்வதில்லை. இலக்கணம் தானாகக் கொண்டுவந்து வைத்த ஒலியாகக் கடந்து போய்விடுகிறது. முதலில் நிற்கும் "இனிய" என்ற சொல்லும் எந்தப் பண்டிகைக்கும் பொருந்தும் சொல்லாகையால், வரியின் மிக வலிமையான இடம் வீணாகிறது. தமிழ்ச் செய்யுளில் காது முதலில் கேட்பது அடியின் தலையைத்தான், வாலை அன்று. "கற்க கசடற" என்று தொடங்கும் குறளை நினைத்துக்கொள்ளுங்கள்: அடுத்த அடி "நிற்க" என்று தொடங்கும்போது நம் காது நிறைவடைகிறது. இரண்டு அடிகளின் இறுதியிலும் எந்த ஒற்றுமையும் இல்லை என்பதை யாரும் குறையாக உணர்வதில்லை.

ஆகவே தலைச்சொல்லை முதலில் தேர்ந்தெடுங்கள். உங்கள் வரிகளில் உயிருள்ள சொல் "பொங்கியது" என்பதுதான். அது கடைசியில் கிடக்கிறது. அதை "பொங்கும்" என்று மாற்றி முன்னே கொண்டுவந்தால், இரண்டாம் அடிக்கு எதுகையாக எங்கும், தங்கும், செங்கரும்பு, திங்கள், மங்கலம், பங்கு எனப் பல சொற்கள் கிடைக்கும். இரண்டாம் எழுத்தான "ங்" ஒன்றியிருப்பதே எதுகை. இதில் பலர் தவறுவது ஓர் இடத்தில். பொங்கும் என்பதற்குத் தாங்கும், ஓங்கும் ஆகியவை எதுகை ஆகமாட்டா, ஏனென்றால் முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். இது ஏட்டுச் சட்டம் மட்டும் அன்று. "பொங்கும்" என்றும் "தாங்கும்" என்றும் இருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது சொல்லில் குரல் நீண்டு, "ங்" தாமதமாக வந்து விழுவது தெரியும்.

அடுத்தது சந்தம். உங்கள் வரிகள் உரைநடையாகப் படுவதற்கு எதுகைக் குறையை விடவும் இதுவே பெரிய காரணம். ஈரடி வாழ்த்துக்கு நான் விரும்புவது குறள் வெண்பாவின் அளவு: முதலடியில் 4 சீர், இரண்டாமடியில் 3 சீர். குறிலோ நெடிலோ தனித்தோ ஒற்றடுத்தோ வந்தால் நேரசை. இரு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்து, தனித்தோ ஒற்றடுத்தோ வந்தால் நிரையசை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மாச்சீர், நிரையில் முடிந்தால் விளச்சீர். மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய்ச்சீர். மாவுக்குப் பின் நிரையும், விளத்துக்குப் பின் நேரும், காய்க்குப் பின் நேரும் வந்தால் வெண்பாவின் நடை கிடைக்கும். உங்கள் வரிகளில் "இனிய" என்பது மாச்சீர். அடுத்து நிரை வர வேண்டிய இடத்தில் "பொங்" என்ற நேர் வருவதால் முதல் இணைப்பே முறிகிறது. இப்படியே பார்த்துக்கொண்டு போனால், உங்கள் 8 சீர்களுக்கு இடையிலுள்ள 7 இணைப்புகளில் "பொங்கல் திருநாள்", "எங்கும் நிறைந்து" என்ற இரண்டு மட்டுமே பொருந்துகின்றன. மற்ற ஐந்திலும் நடை தடுக்குவதைத்தான் நீங்கள் "உரைநடை போல" என்று உணர்ந்திருக்கிறீர்கள்.

இனி எழுதிப் பார்ப்போம். முதலில் மனத்தில் வரக்கூடிய வடிவம் இது:

பொங்கும் புதுப்பானை பூரிக்கும் பொன்னாளில்
தங்குக தாழா வளம்

சீர்களை இணைக்கும் தளை எங்கும் தட்டவில்லை, எதுகை சரியாக இருக்கிறது, முதலடியில் நான்கு சீரும் பகர மோனையோடு வருகின்றன. இருந்தும் இதை நான் பலகைக்குக் கொடுக்க மாட்டேன். பொங்குவது விளிம்பைத் தாண்டி வழிவது. தங்குவது ஓரிடத்தில் நிற்பது. வழிவதைக் கொண்டாடிவிட்டு நிற்பதை வாழ்த்தும்போது, "தங்குக" என்ற சொல் எதுகைக்காக இழுத்து வரப்பட்டது என்பது வெளிப்படுகிறது. நான்கு சீரிலும் மோனை வரும் முற்று மோனையும் இங்கே மிகை. கேட்பவர் பொருளை விட்டுவிட்டுப் "பொ, பு, பூ, பொ" என்று எண்ணத் தொடங்கிவிடுவார்.

எதுகைப் பட்டியலுக்குத் திரும்பினால், வழிவதற்குப் பொருத்தமான சொல் "எங்கும்" என்பது. அது உங்கள் வரியிலேயே நடுவில் ஒளிந்திருந்தது.

பொங்கும் புதுப்பானை போலநம் பேட்டையில்
எங்கும் நிறைக இனிப்பு

"போல நம்" என்ற இரு சொற்களை ஒரே சீராகக் கொண்டிருக்கிறேன். பலகையில் இடைவெளி விட்டே எழுதலாம், ஓசை மாறாது. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று பேட்டைகளாலான நம் பகுதிக்குப் "பேட்டை" என்ற சொல் இயல்பாகப் பொருந்துகிறது. இலக்கணப்படி பார்த்தால் பொ, பு, போ ஆகிய மூன்றும்தான் மோனை. உ, ஊ, ஒ, ஓ ஓரினம், "பே"யிலுள்ள ஏகாரம் அதில் சேராது. ஆயினும் பகரம் நான்காம் முறையும் காதில் மெல்ல விழுகிறது, முற்று மோனையின் திகட்டல் இல்லாமல். இரண்டாம் அடியில் முதற்சீரின் "எ"யும் மூன்றாம் சீரின் "இ"யும் ஓரினம் என்பதால் அங்கும் மோனை அமைகிறது. வல்லின மோனையைப் போல ஓங்கி ஒலிக்காத இந்த உயிர் மோனை, வாழ்த்து முடியும் இடத்துக்கு ஏற்ற மென்மை உடையது.

"மகிழ்ச்சி" எங்கே போயிற்று, "இன்பம்" என்றாவது முடிக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக மட்டுமே இருக்க முடியும். "இன்பம்", "மகிழ்ச்சி" இரண்டுமே ஈரசைச் சீர்களாக, குற்றியலுகரத்தில் முடியாமல் நிற்பவை. அவை அங்கே அமரா. நலம், வளம், சிறப்பு, களிப்பு, இனிப்பு ஆகியவை அமரும். வாழ்த்துக்கான சொற்களை இந்த அளவுப்படி முன்னரே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், கடைசிச் சீருக்காகத் திணற வேண்டியிருக்காது.

வடசென்னையில் எழுதும்போது இன்னொன்றையும் கருத வேண்டும். தெரு விழா வாழ்த்து பலகையில் நிற்பதோடு முடிவதில்லை. ஒலிபெருக்கியில் யாரோ ஒருவர் அதைப் படிப்பார். நம் பகுதிப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவோ யகரமாகவோ ஒலிக்கிறது. "வாழை", "ஏழை" என்று எதுகை வைத்தால் இரண்டும் ஒன்றுபோலவே மாறுவதால் எதுகை பிழைத்துக்கொள்ளும். ஆனால் காசிமேட்டு வாளை மீனையும் வாசலில் கட்டும் வாழையையும் சேர்த்து, "வாழையும் வாளையும்" என்று சொல் விளையாட்டுச் செய்தால், பலகையில் படிப்பவர் ஓரெழுத்து வேறுபாட்டை ரசிப்பார், ஒலிபெருக்கியில் கேட்பவருக்கோ ஒரே சொல்லை இருமுறை சொன்னதுபோல ஆகிவிடும். ழ, ள, ல வேறுபாட்டை நம்பிய விளையாட்டை நான் எழுத்தில் மட்டும் நிற்கும் வாழ்த்துகளுக்கே வைத்துக்கொள்கிறேன்.

கானாப் பாட்டில் பழகிய இளைஞர்கள் கூட்டமாகச் சேர்ந்து சொல்லும் வாழ்த்து என்றால் மட்டும், தலை எதுகையை விட வால் இயைபு கூடுதலாக வேலை செய்யும், ஏனென்றால் அடியின் இறுதிதான் கைதட்டல் விழும் இடம். காசிமேட்டுக் கிறிஸ்துமஸ் ஒன்றை நினைத்து எழுதிய வரிகள் இவை:

கடலோரக் காசிமேட்டில் மணியொலிக்க
கரைசேரும் படகெல்லாம் மீன்குவிக்க

இது வெண்பா அன்று. ஆறு சீரும் காய்ச்சீராக இருப்பதால் தாளம் சமமாக விழுகிறது. இரண்டு அடியும் ககரத்தில் தொடங்குகின்றன; ஒலிக்க, குவிக்க என்று முடிகின்றன. "வந்தது, பொங்கியது" போலன்றி, "து"வை விட நீண்ட பகுதியான "இக்க" ஒத்து வருவதால் இது இயைபாகக் காதில் நிற்கிறது.

பலகை அச்சிடுபவரிடம் கொடுக்கும்போது ஒரு கவனம் தேவை. நாற்சீர் அடி பலகையின் அகலத்துக்குள்ளும் கைப்பேசித் திரைக்குள்ளும் பெரும்பாலும் அடங்காது; அவர் தம் வசதிக்கு எங்காவது உடைத்தால், "எங்கும்" என்ற எதுகைச் சொல் வரியின் நடுவில் போய்ச் சிக்கிக்கொள்ளும். நீங்களே இரண்டாம் சீருக்குப் பின் உடைத்துக் கொடுத்துவிடுங்கள்:

பொங்கும் புதுப்பானை
போலநம் பேட்டையில்
எங்கும் நிறைக இனிப்பு

மூன்றாம் சீரில் மோனை வைப்பதன் பயன் இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. உடைந்த வரியும் "போ" என்று மோனையோடு தொடங்குவதால் படிப்பவருக்கு அடி உடைந்ததே தெரியாது. மூன்றாம் வரி எதுகையோடு தொடங்குவதும் கெடாது.